ஏசுபாதத்தின் ஜூலைக் கணக்கு

ஏசுபாதம் அண்ணன் இறந்துபோன மாதத்தின் பால் கணக்கைத் தப்பாகப் போட்டவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் பதினாறு வருஷமாகக் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். எவ்வளவு பெரிய தொகையிலும் ஐம்பது பைசா இடித்தால்கூட உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்துவிடுவான் நோயல் என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு முப்பத்தெட்டு வீட்டுப் பால் கணக்கில் கோட்டைவிட்டேன்.

அண்ணன் வீடும் என் வீடும் தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே லைனில் ஒட்டினாற்போல இருப்பவை. சுரங்கம் மூடிய வருஷம் அவருக்கு முப்பத்து மூன்று வயது. பத்து வருஷம் நிலத்துக்கு அடியில் இருந்துவிட்டு மேலே வந்தவர், கையில் கிடைத்த பணத்தில் ஒரு சைக்கிளும் இரண்டு கேனும் வாங்கினார். கூட வேலை பார்த்தவர்கள் பெங்களூருக்கு ரயில் ஏறியபோது இவர் மட்டும் ஏறவில்லை. கேட்டால், "எனக்கு இன்னொருத்தன் விசில் அடிச்சி வேல செய்ய முடியாது நோயலு, ரயிலு விசிலா இருந்தாலும் சரி" என்பார். அப்படிச் சொல்லிவிட்டு, நான் அந்த ரயிலைப் பிடிக்க ஓடும் நேரத்தில் தினமும் லைன் முனையில் பால் வண்டிக்காக நிற்பார். இத்தனைக்கும் என் வீட்டில் பாக்கெட் பால்தான். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கிறது. பக்கத்து வீட்டில் பால்காரரை வைத்துக்கொண்டு கடையில் பால் வாங்குகிறோமே என்று எனக்குத்தான் கூச்சம். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பேத்தமங்கலம் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் மஞ்சுநாத் காலை நாலரைக்குப் பாலைக் கொண்டுவந்து லைன் முனையில் இறக்குவான். நாளைக்கு இருபத்திரண்டு லிட்டர். எந்த வீட்டிலாவது நாளைக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்த அளவு குறையும். அவன் லிட்டர் நாற்பத்து நாலுக்குக் கொடுப்பான், அண்ணன் ஐம்பத்திரண்டுக்கு ஊற்றுவார். லிட்டருக்கு எட்டு ரூபாய். இதில்தான் அவரும் மனைவி மரியகுழந்தை அக்காவும் சாப்பிட்டு, மகன் ரோனியை டிப்ளமா படிக்கவைத்து, ஓசூரில் வேலைக்கும் அனுப்பினார்கள்.

இனி அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளவாக்கில் இருக்கும் பழைய ரிஜிஸ்டர். ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம். இடது ஓரத்தில் வீட்டுக்காரர் பெயர், அதற்கு அடுத்து அளவு, பிறகு ஒன்று முதல் முப்பத்தொன்று வரை கட்டங்கள். பால் ஊற்றிய நாளில் அவர் எதுவும் எழுதமாட்டார். வேண்டாம் என்ற நாளில் மட்டும் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. விருந்தாளி வந்து கூட வாங்கினால் அந்தக் கட்டத்தில் கூடுதல் அளவு. ஆகவே காலிக் கட்டம் என்றால் பால் ஊற்றியாயிற்று என்று அர்த்தம். எல்லாரும் ஊற்றினால் டிக் போடுவார்கள், இவர் தலைகீழாக வைத்திருக்கிறாரே என்று ஒருமுறை என் அலுவலகப் புத்தியோடு கேட்டேன்.

"தினமும் வர்றவனுக்கு எதுக்குடா குறி? வராதவனத்தான் குறிக்கணும்," என்றார்.

மாதக் கடைசியில் காலிக் கட்டங்களை எண்ணி அளவால் பெருக்கி விலையால் பெருக்கினால் முடிந்தது. மாத நடுவில் விலை ஏறினால் அந்தத் தேதியில் சிவப்புப் பேனாவால் மேலிருந்து கீழே ஒரு கோடு போடுவார். கோட்டுக்கு இந்தப் பக்கம் பழைய விலை, அந்தப் பக்கம் புது விலை. இதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. விலை ஏறுவதை மூன்று நாளுக்கு முன்பே வீட்டு வாசலில் நின்று வாயால் சொல்லியாக வேண்டும். சொல்லாத வீட்டில் புது விலை வாங்கமாட்டார். ஒருமுறை லவினா டீச்சர் வீடு பூட்டியிருந்ததால் சொல்ல முடியாமல் போய், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் மாதம் முழுக்கப் பழைய விலையிலேயே ஊற்றினார். ஊரில் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றவர்களும் உண்டு. நானும் அதில் ஒருவன்.

போன ஜூலை பதின்மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பால் ஊற்றிக்கொண்டு போனவர் பொதுக்குழாய் பக்கத்தில் சைக்கிளோடு விழுந்தார். தூக்கிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. வயது ஐம்பத்தேழு. கேனில் மிச்சம் இருந்த பாலில்தான் அன்றைக்குத் துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பி போட்டார்கள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள், குடித்தேன். மறுநாள் அடக்கம். சவப்பெட்டியின் ஒரு முனையை நான் தூக்கினேன்.

விழுந்தபோது அவர் "இயேசு மரி சூசையே" என்று கூப்பிட்டதாக யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று தெரியாது, ஆனால் சாயந்தரத்துக்குள் ஊர் முழுக்க அந்தப் பேச்சு இருந்தது. அடக்கப் பூசையில் ஃபாதரும் அதைச் சொல்லி, நல்ல மரணம் என்றார். அக்கா அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அப்போதே லேசாகச் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமைகூடப் பால் முடித்துத்தான் வருவேன் என்று கடைசிப் பூசைக்கு வந்து பின்னால் நிற்கிறவர் அவர்.

அடக்கம் முடிந்த இரவே ரோனி அம்மாவை ஓசூருக்குக் கூப்பிட்டான். கெட்ட பையன் இல்லை. இரண்டு அறை வீடு, மனைவி, கைக்குழந்தை. அம்மா வந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்வார் என்ற கணக்கும் அதில் இருந்தது, அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. அக்கா போகமாட்டேன் என்றார். லைனில் பாலை நானே ஊற்றுகிறேன் என்றார். ரோனிக்குக் கோபம் வந்துவிட்டது.

"பால் ஊத்தறது யாரு வேணா ஊத்தலாம்மா. கணக்கு யாரு போடுவாங்க? நீ அந்த நோட்ட என்னைக்காவது தொட்டுகீறியா? ஒரு மாசக் கணக்க ஒழுங்கா முடிச்சிக் காட்டு. ஒரு வீடும் கொற சொல்லாம இருக்கணும். அப்ப நான் கூப்புடல. இல்லன்னா ஆகஸ்ட் மூணாந்தேதி வண்டி எடுத்துகினு வரேன்."

அக்கா சரி என்றார். அவருக்கு அந்த லைனும் அந்த வீடும்தான் பிழைப்பு, அதைவிட முக்கியமாக, யார் வீட்டிலும் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை என்ற தைரியம். மூன்றாம் நாள், பதினாறாம் தேதி விடிகாலை, கேனை சைக்கிளில் மாட்டித் தள்ளிக்கொண்டு கிளம்பினார். அக்காவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. முப்பத்தெட்டு வீட்டுக்கும் தள்ளிக்கொண்டே போனார். மஞ்சுநாத் அன்றைக்குப் பால் இறக்கும்போது, "இன்னைக்கிருந்து லிட்டருக்கு நாலு ரூபா ஏறிச்சம்மா. ஏசண்ணனுக்கு முன்னாடியே ஹேளிபிட்டே, எல்லாருக்கும் சொல்லியிருப்பாரு," என்று கன்னடம் கலந்து சொன்னானாம். நோட்டில் பார்த்தால் பதினாறாம் தேதியில் சிவப்புக் கோடு ஏற்கனவே போட்டிருந்தது. மேலே ஐம்பத்தாறு என்று அவர் கையெழுத்து. ஆகவே அக்கா அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. வேண்டாம் என்ற வீட்டுக்கு மட்டும் அவரைப் போலவே பெருக்கல் குறி போட்டுக்கொண்டு வந்தார்.

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி நான் வேலையிலிருந்து வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, எனக்கு ஊத்தத் தெரியும், எழுதத் தெரியும், பெருக்கத் தெரியாது. நீ போட்டுக் குடு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டை வாங்கி லேப்டாப்பைத் திறந்தேன். காலிக் கட்டமெல்லாம் பால். கோட்டுக்கு இந்தப் பக்கம் பதினைந்து நாள், அந்தப் பக்கம் பதினாறு நாள். அரை மணி நேரத்தில் முப்பத்தெட்டுச் சீட்டும் தயார். அரை லிட்டர் வாங்கும் வீட்டுக்குக் குறை நாள் இல்லையென்றால் எண்ணூற்று முப்பத்தெட்டு ரூபாய். கூட்டிக் கழித்துச் சரிபார்த்து, ஒரு பைசா இடிக்கவில்லை என்று எனக்கே ஒரு சபாஷும் போட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை பால் ஊற்றும்போதே அக்கா சீட்டுகளைக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று இரவுக்குள் பதினோரு வீட்டில் பணம் கொடுத்துவிட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை எனக்கு லீவு. ஏழு மணி இருக்கும், பக்கத்து வீட்டு வாசலில் தங்கவேலு பெரியவரின் குரல் கேட்டு எழுந்து போனேன். அவர் வரிசையில் இருபத்திரண்டாவது வீடு. தினம் ஒரு லிட்டர். சுரங்கத்தில் முப்பது வருஷம் இருந்த மார்பு. ஒரு வாக்கியம் பேசிவிட்டு ஒரு நிமிடம் மூச்சு வாங்குவார். அதனாலேயே ஒரு வார்த்தையும் வீணாக்கமாட்டார்.

"மரியா, நான் நாலு நாளு வேலூருக்குப் போனத கழிச்சிகீற. அது சரி. ஆனா பதிமூணு, பதினாலு, பதினைஞ்சி, இந்த மூணு நாளு பாலு எனக்கு வரல." மூச்சு வாங்கினார். "ஷிப்டுக்கே போவாத ஆளுக்கு எவன் அட்டெண்டன்ஸ் போட்டது?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பிரித்தேன். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. முப்பத்தெட்டு வரிசையிலும் அந்த மூன்று கட்டங்களும் சுத்தமாகக் காலியாக இருந்தன. பெருக்கல் குறி போட வேண்டியவர் அந்த நாட்களில் உயிரோடு இல்லை. அவர் பெட்டியைத் தோளில் தூக்கியவன் நான், அதே நாளுக்கு முப்பத்தெட்டு வீட்டிலும் பால் விலை வசூலிக்கச் சீட்டு எழுதியவனும் நான். எனக்கு அப்போது வந்த அவமானத்தை எந்த ஆடிட்டர் முன்னாலும் நான் பட்டதில்லை.

"இன்னொண்ணு," என்றார் பெரியவர். "அம்பத்தாறுன்னு போட்டுகீறீங்க. வெல ஏறிச்சின்னு எங்கிட்ட யாரும் சொல்லல. ஏசுபாதம் இருந்தா சொல்லாம வாங்கியிருக்க மாட்டான்." சீட்டை மடித்து அக்கா கையில் வைத்தார். "பணம் பிரச்சன இல்லம்மா. கணக்கு இப்டி இருந்தா அடுத்த மாசம் நான் பாக்கெட்டுக்குப் போய்டுவேன். எங்க பக்கத்து வீட்டுக்காரங்களும் அதத்தான் பேசிகினு கீறாங்க. உன் மொகத்துக்காவ வாய மூடிகினு கீறாங்க."

அவர் போனபிறகு அக்கா அந்தச் சீட்டை நோட்டுக்குள் செருகினார். மறுநாள் ரோனி வண்டியோடு வரப்போகிறான். ஒரு வீடும் குறை சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தான். நான்தான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, தப்பு என்னுது. ரோனிகிட்ட நானே சொல்றேன். மூணு நாளையும் எல்லாருக்கும் கழிச்சிப் புதுச் சீட்டு போட்டுடலாம். ஒரு மணி நேர வேல."

"எல்லாருக்கும் எப்டிக் கழிப்ப? பதிமூணாந்தேதி கொஞ்சம் வீட்டுக்கு ஊத்திட்டுத்தான விழுந்தாரு."

அதுவும் எனக்குத் தோன்றவில்லை.

"ஊத்தின வீட்டுக்குக் காசு வாங்கணும். ஊத்தாத வீட்டுக்கு வாங்கக்கூடாது," என்றார் அக்கா. "அப்புறம் இந்த வெல. பதினாறாந்தேதி ஏத்தறதுன்னா பதிமூணாந்தேதிதான் வாசல்ல சொல்லுவாரு. அவரு வழக்கம் அது. அன்னைக்கு எத்தன வீட்ல சொன்னாரோ அத்தன வீட்லதான் அம்பத்தாறு. மீதி வீட்டுக்கு அம்பத்திரெண்டுதான்."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பொதுக்குழாய் வரைக்கும் பதினைந்து வீடு, ஒன்பது லிட்டர். அதற்கு அப்பால் இருபத்து மூன்று வீடு, பதின்மூன்று லிட்டர். பதினாறு நாளுக்கு இருநூற்று எட்டு லிட்டர். லிட்டருக்கு நாலு ரூபாய் என்றால் எண்ணூற்று முப்பத்திரண்டு. அக்கா ஐந்து நாள் விடியலில் சைக்கிள் தள்ளிச் சம்பாதிப்பது. மஞ்சுநாத்துக்கோ புது விலையில்தான் கொடுக்க வேண்டும். விழுந்த நாளில் விற்காமல் காப்பியாகப் போன பாலுக்கும் கொடுக்க வேண்டும்.

"எண்ணூறு ரூபாக்கா. கையிலேர்ந்து போவும். நெலமைய சொன்னா யாரும் வேணாம்னு சொல்லமாட்டாங்க."

"நெலமைய சொல்லி வாங்கறதுக்குப் பேரு வேற தம்பி," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நோட்டை எடுத்துக்கொண்டார். "வா. வீட்டுக்கு வீடு கேட்டுடலாம்."

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை காலையில் அக்காவும் நானும் அண்ணன் போன வழியிலேயே கிளம்பினோம். அவர் கேட்பார், நான் வாசலில் நின்றபடியே புதுச் சீட்டு எழுதிக் கொடுப்பேன். பணம் கொடுத்துவிட்ட வீட்டில் மிச்சத்தைத் திருப்புவோம். கேள்வி இரண்டுதான். அன்றைக்குப் பால் வந்ததா? விலை ஏறுவதைச் சொன்னாரா?

முதல் வீடு லவினா டீச்சர். "வந்தது. சொன்னாரு," என்றார். "நான்கூட, போன தடவ எங்களுக்கு நஷ்டப்பட்டீங்களே, இந்தத் தடவ முதல் ஆளா சொல்றீங்களான்னு கேட்டேன். சிரிச்சாரு." சொல்லிவிட்டு டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாவது வீட்டிலும் வந்தது, சொன்னார். மூன்றாவது வீட்டில் சைக்கிள் செயின் கழன்று மாட்டினாராம், கை கறையாக இருந்ததால் அந்த வீட்டு அம்மாவே அளவுக் குவளையை எடுத்து ஊற்றிக்கொண்டார்களாம். ஏழாவது வீட்டில் தண்ணீர் கேட்டாராம். பத்தாவது வீட்டில், "இன்னா அண்ணே இப்டி வேர்க்குது" என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றாராம். பன்னிரண்டாவது வீட்டில் மூச்சு வாங்கிக்கொண்டுதான் விலையைச் சொன்னாராம்.

கணக்குக் கேட்கத்தான் போனோம். ஒவ்வொரு வாசலிலும் அந்தக் கடைசி ஒரு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் கையில் சேர்ந்துகொண்டே வந்தது. எனக்குப் பாதியிலேயே திரும்பிவிடலாம் போல இருந்தது. பதினான்காவது வாசலில், "போதும்க்கா, மீதிய நான் கேட்டுக்கறேன்," என்று சொல்லியும் பார்த்தேன். அக்கா நிற்கவில்லை.

பதினைந்தாவது வீடு சரோஜம்மாவுடையது. அறுபது வயதிருக்கும், தனியாக இருப்பவர். பென்ஷன் பணம், ஒரு அரை லிட்டர் பால். கேட்டுக்கு வெளியே பத்தடியில் பொதுக்குழாய். வெள்ளிக்கிழமையே எண்ணூற்று முப்பத்தெட்டையும் எண்ணிக் கொடுத்தவர் அவர். எங்களைப் பார்த்ததும் கேட்டைத் திறந்தார், ஆனால் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை.

"சரோஜம்மா, பதிமூணாந்தேதி உங்களுக்குப் பாலு வந்துச்சா?"

"வந்துச்சி மரியா."

"பதினாலு, பதினைஞ்சி வரல. தெரிஞ்சும் ஏன் முழுசா குடுத்தீங்க?"

"அதெல்லாம் நான் பாக்கலம்மா," என்றார் சரோஜம்மா. பார்த்திருக்கிறார் என்று எங்கள் மூவருக்குமே தெரியும்.

நான் எழுதினேன். பதின்மூன்று நாள், ஆறரை லிட்டர், ஐம்பத்திரண்டு ரூபாய் வீதம் முந்நூற்று முப்பத்தெட்டு. பதினாறு நாள், எட்டு லிட்டர். அங்கே பேனாவை நிறுத்தினேன். விலை சொன்னாரா என்று அக்கா இன்னும் கேட்கவில்லை.

"வெல ஏறுதுன்னு சொன்னாரா?"

சரோஜம்மா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அக்கா மறுபடி கேட்டார்.

"சொன்னாராம்மா? சொல்லலன்னா உங்களுக்கும் பழைய வெலதான்."

"சொன்னாரு." பிறகு மெதுவாகச் சொன்னார்: "பால ஊத்தினாரு. கேட்டப் புடிச்சிகினு நின்னாரு. 'பதினாறாந்தேதியிலேர்ந்து லிட்டரு அம்பத்தாறு, மனசுல வச்சிக்கோங்க'ன்னாரு. வண்டியத் தள்ளிகினு அதோ, அந்தக் கொழா வரிக்கும்தான் போனாரு. நான் பாத்துகினே இருந்தேன். ஓடிப் போயி தூக்கறப்ப பேச்சு இல்ல." இப்போதுதான் அக்கா முகத்தைப் பார்த்து, "இயேசுவ கூப்ட்டாருன்னு எல்லாரும் சொன்னாங்க. சாமியாரும் கோயில்ல சொன்னாராமே. அது இருக்கட்டும்னு விட்டுட்டேன். கடைசியா பேசினது நாலு ரூபாயப் பத்தின்னு உங்கிட்ட எப்டி வந்து சொல்றது மரியா? எனக்கு வாய் வரல," என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்தது. மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே அழுதேன். அக்கா அழவில்லை. கேட்டின் மேல் கம்பியில் கையை வைத்துக்கொண்டு குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோன்னாரு?"

"அம்பத்தாறு."

"தேதி?"

"பதினாறு."

"சரியாத்தான் சொல்லிகீறாரு," என்றார் அக்கா. "வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லம்மா."

அக்கா தலையை ஆட்டினார். ஃபாதர் சொன்னபோது ஆட்டியதைப் போல இல்லை இது. அவர் நம்பியது இந்தமுறைதான் என்று எனக்குத் தோன்றியது. பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப எட்டு லிட்டரு அம்பத்தாறு போட்டுக்க தம்பி," என்றார். நானூற்று நாற்பத்தெட்டு. மொத்தம் எழுநூற்று எண்பத்தாறு. சரோஜம்மா வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஐம்பத்திரண்டு ரூபாயை எண்ணி அவர் கையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

குழாயடியில் நான் தயங்கி நின்றேன். அக்கா அங்கே நிற்பார், குனிந்து மண்ணைத் தொடுவார், உட்கார்ந்து அழுவார் என்றெல்லாம் நினைத்தேன். அவர் வேகத்தைக் குறைத்ததுகூட இல்லை. நேராகப் பதினாறாவது வீட்டுக்குப் போய்க் கேட்டைத் தட்டினார். என்னைப்போல ரயிலில் போய் வரும் ஆஸ்டின் வீடு அது. லுங்கியோடு தூக்கக் கலக்கத்தில் வந்து நின்றான்.

"அன்னைக்கு உங்களுக்குப் பாலு வரல இல்ல?"

"வரலக்கா. அது பரவால்ல..."

"வெலயும் சொல்லல."

"இல்லக்கா."

நான் கணக்கை எழுதி நீட்டினேன். இருபத்தெட்டு நாள், பதினான்கு லிட்டர், ஐம்பத்திரண்டு வீதம் எழுநூற்று இருபத்தெட்டு. முந்தைய சீட்டைவிட நூற்றுப் பத்து ரூபாய் குறைவு. ஆஸ்டின் சீட்டையும் அக்காவையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"நீங்க நாளைக்கு ஓசூர் போறீங்கன்னு சொன்னாங்களேக்கா?"

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கேட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். பால் ஊற்றும் வாசலில் அவர் விலை பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"வர்ற ஆறாந்தேதியிலேர்ந்து லிட்டரு அம்பத்தாறு தம்பி, மனசுல வச்சிக்கோங்க."

"சரிக்கா," என்றான் அவன்.

"இன்னும் இருபத்திரெண்டு வீட்டுக்குச் சொல்லணும், வா," என்று என்னிடம் சொல்லிவிட்டு, அக்கா அடுத்த கேட்டைத் திறந்தார்.